ஒரு டிஸ்க் போனபின் அதில் இருந்தது எங்கிருந்து திரும்பி வருகிறது?

“அண்ணா, சேலம் அம்மாபேட்டையில் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நாலு 4 டெராபைட் டிஸ்கையும் ஒரே டிஸ்க் மாதிரி சேர்த்து ஓட்டும் பெட்டி, ரெய்டு 5. முந்தாநாள் பார்த்தால் மூன்றாவது டிஸ்கின் விளக்கு சிவப்பாக எரிகிறது. எப்போதிருந்து எரிகிறது என்று தெரியவில்லை. படமெல்லாம் இன்னும் திறக்கிறது. எந்த டிஸ்கிலும் இன்னொன்றின் நகல் கிடையாது என்கிறார்கள். அப்படியானால் போன டிஸ்கில் இருந்தது எங்கிருந்து வரும்? புது டிஸ்க்கை உடனே செருகிவிடலாமா? இன்னொன்று, 16 போட்டு 10.9 தான் காட்டுகிறது. மீதி எங்கே?”

செருகலாம், ஆனால் இன்று ராத்திரியே வேண்டாம். பெட்டியை அணைக்காதீர்கள், எந்த டிஸ்கையும் கழற்றி மாட்டிப் பார்க்காதீர்கள். இன்னும் ஆல்பம் கொடுக்காத கல்யாணங்கள் எவையோ, அவற்றை மட்டும் முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். ஏன் இந்த வரிசை என்பது கணக்கு புரிந்தால் தானாகப் புரியும். அதனால் உங்கள் முதல் கேள்வியிலிருந்தே வருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு வெள்ளி கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு 420, 510, 365 கிராம் கொடுத்து, ஆளுக்கொரு சீட்டு எழுதியாகிவிட்டது. நாலாவது சீட்டில் மொத்தம் 1295 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். 365 எழுதிய சீட்டு காற்றில் போய்விட்டது. அந்தச் சீட்டுக்கு நகல் எங்கும் இல்லை. ஆனாலும் 1295-இல் 420-ஐயும் 510-ஐயும் கழித்தால் 365 வந்துவிடும். காணாமல் போன எண் எந்த ஒரு சீட்டிலும் இல்லை, ஆனால் மிச்சமுள்ள மூன்றும் சேர்ந்தால் அதைச் சொல்லிவிடுகின்றன. ரெய்டு 5 செய்வது இதைத்தான். அந்த மொத்தச் சீட்டுக்குப் பெயர் பாரிட்டி.

கம்ப்யூட்டர் கூட்டலுக்குப் பதில் அதைவிட எளிதான ஒன்றைச் செய்கிறது. கூட்டினால் எண் பெரிதாகிக்கொண்டே போகும், எழுத இடம் கூடுதலாக வேண்டும். அதனால் ஒவ்வொரு பிட் இடத்திலும் 1 எத்தனை முறை வருகிறது என்று மட்டும் பார்க்கும். ஒற்றைப்படை என்றால் பாரிட்டியில் 1, இரட்டைப்படை என்றால் 0. இதற்கு எக்ஸ்ஆர் என்று பெயர். உங்கள் நாலு டிஸ்கிலும் ஒரே இடத்தில் இருக்கும் ஒரு பைட்டை எடுத்துப் பார்ப்போம்:

```
டிஸ்க் 1    10110010
டிஸ்க் 2    11100001
டிஸ்க் 3    01101100
டிஸ்க் 4    00111111   <- பாரிட்டி
```

இடது ஓரத்திலிருந்து மூன்றாவது பத்தியைப் பாருங்கள். மேலே மூன்றிலும் 1, அதாவது மூன்று முறை, ஒற்றைப்படை. அதனால் கீழே 1. இப்போது டிஸ்க் 3 போய்விட்டது. மீதி மூன்று வரிகளையும் அதே முறையில் எண்ணுங்கள். முதல் பத்தியில் 1, 1, 0. இரண்டு முறை வருவதால் 0. இரண்டாவதில் 0, 1, 0. ஒருமுறை, எனவே 1. இப்படியே எட்டுப் பத்தியும் போனால் 01101100 கிடைக்கும். டிஸ்க் 3-இல் இருந்த அதே பைட். பாரிட்டி போட்டதும் அதே கணக்கு, மீட்பதும் அதே கணக்கு. கழித்தல் என்று தனியாக ஒன்று கிடையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உங்கள் படங்கள் இன்னும் திறப்பதும் இதனால்தான். நீங்கள் ஒரு படத்தைச் சொடுக்கும்போது, டிஸ்க் 3-இல் இருந்த துண்டை அந்த நொடியிலேயே மற்ற மூன்றையும் படித்துக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. கொஞ்சம் மெதுவாகத் தெரியும், ஆனால் படம் முழுசாக வரும். அதாவது, புது டிஸ்க் போட்டால்தான் தகவல் திரும்ப வரும் என்பதில்லை. தகவல் இப்போதும் இருக்கிறது. இல்லாதது இன்னொரு டிஸ்க் போனால் தாங்கும் தெம்பு மட்டும்தான்.

உதாரணத்தில் பாரிட்டியை நாலாவது டிஸ்கிலேயே காட்டினேன். நிஜத்தில் அது ஒரே டிஸ்கில் உட்கார்ந்திருக்காது. ஒவ்வொரு டிஸ்கையும் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு வரிசையில் நாலாவதில், அடுத்த வரிசையில் மூன்றாவதில் என்று மாற்றிமாற்றி வைப்பார்கள். ஒரே டிஸ்கில் வைத்தால் எதை எழுதினாலும் அந்த ஒரு டிஸ்க்கையும் தொட வேண்டியிருக்கும், மற்றவை அதற்காகக் காத்துக் கிடக்கும்.

இப்போது அந்த 10.9. மொத்தச் சீட்டு ஒரு சீட்டின் இடத்தை எடுத்துக்கொள்கிறது அல்லவா? அது மாதிரி எத்தனை டிஸ்க் போட்டாலும் ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்குப் போகும். 16-இல் 4 போனால் 12. டிஸ்க் விற்பவர் ஒரு டெராபைட்டை லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். உங்கள் பெட்டி 1024-இன் மடங்காக எண்ணுகிறது. 12 லட்சம் கோடியை 1024-ஆல் நாலு முறை வகுத்தால் 10.9 வரும். எதுவும் காணாமல் போகவில்லை. கூடவே ஒன்று: டிஸ்குகள் வெவ்வேறு அளவில் இருந்தால் சாதாரண ரெய்டில் இருப்பதிலேயே சின்னதன் அளவுதான் எல்லாவற்றுக்கும் கணக்கு.

மற்ற வகைகளையும் இதே நாலு டிஸ்கை வைத்துச் சொல்லிவிடுகிறேன், அடுத்த பெட்டி வாங்கும்போது உதவும். ரெய்டு 0 என்றால் 16-உம் கிடைக்கும், ஆனால் ஒன்று போனால் எல்லாம் போச்சு. தற்காலிக எடிட்டிங் வேலை தவிர வேறு எதற்கும் அதைப் போடாதீர்கள். ரெய்டு 1 என்பது அப்படியே நகல். நாலு டிஸ்கிலும் ஒரே விஷயம், 4 டெராபைட்தான் கிடைக்கும். ரெய்டு 10-இல் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து நகல் வைப்பார்கள், 8 கிடைக்கும். ஒன்று போனபின் மிச்சம் மூன்றில் அதன் ஜோடி மட்டும் போகக்கூடாது. ரெய்டு 6-இலும் 8 தான், ஆனால் எந்த இரண்டு போனாலும் தாங்கும்.

ரெய்டு 6 எப்படி இரண்டைத் தாங்குகிறது என்பதைச் சீட்டுக் கணக்கிலேயே பார்க்கலாம். 420-உம் 365-உம் இரண்டும் தொலைந்தால் மொத்தச் சீட்டு 785 என்று அவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் சொல்லும், தனித்தனியாகச் சொல்லாது. அதனால் இரண்டாவதாக ஒரு சீட்டு எழுதுகிறார்கள்: முதல் ஆளை 1-ஆலும், இரண்டாமவரை 2-ஆலும், மூன்றாமவரை 3-ஆலும் பெருக்கிக் கூட்டியது. 420, 1020, 1095, ஆக 2535. இப்போது முதலாமவரும் மூன்றாமவரும் தொலைந்தால், 2535-இல் 1020 போக 1515 மிச்சம். முதலாமவர் ஒரு பங்கு, மூன்றாமவர் மூன்று பங்கு சேர்ந்து 1515. ஒரு பங்கும் ஒரு பங்கும் சேர்ந்து 785. வித்தியாசம் 730, அது மூன்றாமவரின் இரண்டு பங்கு. ஆக அவர் 365, மற்றவர் 420. டிஸ்கில் நடக்கும் பெருக்கல் வேறு வகைக் கணிதம் என்றாலும் யோசனை இதுவேதான்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். புது டிஸ்க் செருகியதும் ரீபில்ட் தொடங்கும். அதன் வேலை, மிச்சமுள்ள மூன்று டிஸ்கையும் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை படித்து, எக்ஸ்ஆர் போட்டு, புதியதில் எழுதுவது. உங்கள் படங்கள் 5 டெராபைட்தான் இருந்தாலும் சாதாரண ரெய்டுக்கு அது தெரியாது, காலி இடத்தையும் சேர்த்தே எழுதும். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்று வைத்தால் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். டிஸ்கின் உள் வட்டத்தில் வேகம் குறையும், நடுவில் நீங்கள் எடிட்டிங்கும் செய்தால் ஒரு நாள்கூட ஆகும்.

ஆபத்து இந்த மணி நேரங்களில்தான் இருக்கிறது. மூன்று டிஸ்கிலிருந்து மொத்தம் 12 டெராபைட் பிழையில்லாமல் படிக்க வேண்டும். சாதாரண டிஸ்குகளின் விவரத்தாளில் படிக்க முடியாத பிழை 10¹⁴ பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டெராபைட். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ரீபில்ட் எப்போதுமே தோற்கும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது தயாரிப்பாளர் கொடுக்கும் உச்ச வரம்பு, நல்ல டிஸ்க் அதைவிட நன்றாகவே படிக்கும். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 2019-இல் எடுத்த ஒரு கல்யாணத்தை அதற்குப்பின் யாருமே திறந்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் டிஸ்க் 1-இல் ஒரு செக்டர், அதாவது டிஸ்கின் மிகச் சின்ன ஒரு துண்டு, எப்போதோ கெட்டிருக்கலாம். படிக்காதவரை யாருக்கும் தெரியாது. நாலு டிஸ்கும் நன்றாக இருந்த காலத்தில் படித்திருந்தால் பாரிட்டியை வைத்துச் சரி செய்திருக்கும். இப்போது ரீபில்ட் அந்த இடத்துக்கு வரும்போது ஒரே வரிசையில் இரண்டு சீட்டு இல்லை. டிஸ்குகளை மேய்க்கும் சில கன்ட்ரோலர்கள் அங்கேயே நின்று டிஸ்க் 1-ஐயும் வெளியே தள்ளிவிடும். அப்போது முழு பெட்டியும் போனதாகக் காட்டும். சில, அந்தத் துண்டை மட்டும் பழுது என்று குறித்துக்கொண்டு மேலே போகும். முதலில் நகல் எடுங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். நகல் எடுக்கும்போது வேண்டிய கோப்புகளை மட்டுமே படிக்கிறோம். ரீபில்ட் எல்லாவற்றையும் படிக்கும்.

நகல் எடுத்தாயிற்றா, அடுத்து மிச்சமுள்ள மூன்றின் உடல்நிலையைப் பாருங்கள். பெட்டியின் மெனுவிலேயே ஸ்மார்ட் என்ற பக்கம் இருக்கும், இல்லையென்றால் `smartctl -a /dev/sda` என்று ஒவ்வொன்றுக்கும் கொடுக்கலாம். `Current_Pending_Sector` என்ற வரியில் கடைசி எண் 0 ஆக இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள் இருக்கின்றன என்று பொருள். அந்த டிஸ்கை வைத்து ரீபில்ட் தொடங்காதீர்கள். பெட்டியை நிறுத்தி, அந்த டிஸ்கை `ddrescue` கொண்டு அப்படியே ஒரு புது டிஸ்குக்கு எடுத்து, அந்த நகலை வைத்து ரீபில்ட் செய்வதுதான் பாதுகாப்பு. போன டிஸ்கிலும் `UDMA_CRC_Error_Count` எண்ணைப் பாருங்கள். அது மட்டும் ஏறியிருந்து மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தால் கோளாறு டிஸ்கில் இல்லாமல் கேபிளில் அல்லது செருகும் இடத்தில் இருக்கலாம்.

அடுத்தது எந்த டிஸ்கைக் கழற்றுவது என்பது. சிரிக்க வேண்டாம், நான் பார்த்ததில் அதிகமான பெட்டிகள் இந்த இடத்தில்தான் சாகின்றன. சில வருடம் முன் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நாலு டிஸ்க், ரெய்டு 5, கணக்கெல்லாம் அதில். திரையில் “டிஸ்க் 2 பழுது” என்று வந்திருக்கிறது. அங்கிருந்தவர் இடமிருந்து இரண்டாவதைக் கழற்றிவிட்டார். அந்த மென்பொருள் 0-இலிருந்து எண்ணுகிறது, பழுதானது மூன்றாவது. அந்த நொடியில் நாலில் இரண்டு இல்லை, எல்லாக் கோப்புறையும் மறைந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் வரை போனில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: எதையும் தொடாதீர்கள்.

அங்கே காப்பாற்றியது, லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் mdadm கட்டளையில் `mdadm --examine` காட்டும் `Events` என்ற எண். ஒவ்வொரு டிஸ்கும் தான் கடைசியாகக் குழுவோடு இருந்தபோது என்ன எண் என்று தன்மேலேயே எழுதி வைத்திருக்கும். நல்ல இரண்டில் ஒரே எண். தவறாகக் கழற்றியதில் அதைவிட இரண்டு மட்டும் குறைவு. பழுதானதில் நூற்றுக்கணக்கில் குறைவு. ஆக, தவறாகக் கழற்றியது கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கிறது, பழுதானது பழைய கதையைச் சொல்கிறது. பழையதைத் தொடாமல் மற்ற மூன்றையும் மட்டும் சேர்த்தேன்:

```
mdadm --assemble --force /dev/md0 /dev/sda1 /dev/sdb1 /dev/sdd1
```

எல்லாம் திரும்பி வந்தது. அந்தப் பதற்றத்தில் யாராவது `--create` கொடுத்திருந்தால் டிஸ்குகளின் மேல் எழுதியிருக்கும் குறிப்பு அழிந்து, வரிசை மாறினால் பாரிட்டியையும் தப்பாக எழுதத் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு நானும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆகவே உங்களுக்குச் சொல்வது: இடத்தின் எண்ணை நம்பாதீர்கள், டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை நம்புங்கள். `lsblk -o NAME,SIZE,SERIAL` என்றால் எந்தப் பெயருக்கு எந்தச் சீரியல் என்று காட்டும். பழுதானது பதிலே சொல்லாமல் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். அப்போது இருக்கும் மூன்றின் எண்ணையும் எழுதிக்கொண்டு, எதுவும் பொருந்தாத டிஸ்கைக் கழற்றுங்கள்.

புது டிஸ்க் வாங்கும்போது அளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். ஒரு செக்டர் குறைந்தாலும் குழு ஏற்றுக்கொள்ளாது. கடைக்காரரிடம், தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்எம்ஆர் வகையில் ஓடு வேய்ந்தது மாதிரி தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். ரீபில்ட் போல் மணிக்கணக்கில் எழுதும்போது அது மூச்சு வாங்கி நின்றுவிடும், கன்ட்ரோலர் புது டிஸ்கும் கெட்டது என்று நினைத்து வெளியே தள்ளிவிடும்.

உங்கள் பெட்டியில் மெனு வழியாகவே “ரிப்பேர்” கொடுக்கலாம். உள்ளே லினக்ஸ் ஓடுகிறது என்றால் நடப்பது இதுதான், நடுவில் புது டிஸ்கைப் பழையது மாதிரியே பார்ட்டிஷன் செய்ய வேண்டும்:

```
mdadm /dev/md0 --fail /dev/sdc1 --remove /dev/sdc1
mdadm /dev/md0 --add /dev/sdc1
cat /proc/mdstat
```

புது டிஸ்குக்கு வேறு பெயர் வந்திருந்தால் இரண்டாவது வரியில் அதைப் போடுங்கள். மூன்றாவது கட்டளையின் விடையில் `[4/3] [UU_U]` என்று தெரியும். நாலில் மூன்று இருக்கிறது, மூன்றாம் இடம் காலி. கூடவே எத்தனை சதவீதம் முடிந்தது, இன்னும் எத்தனை நிமிடம் என்றும் காட்டும். முடிந்ததும் `[UUUU]` ஆகிவிடும்.

இந்த நேரம் முழுக்க யுபிஎஸ் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் ஏற்காட்டு மலைப் பக்கம் இடி இடித்தால் நமக்கு இங்கே கரண்ட் போகிறது, அது உங்களுக்கே தெரியும். டிஸ்க் 1-இல் புதிதாக ஒன்று எழுதிவிட்டு, அதற்கேற்ற பாரிட்டியை எழுதும் முன் கரண்ட் போனால், அந்த வரிசையில் மொத்தச் சீட்டு பழைய மொத்தத்தையே சொல்லும். அதை வைத்து டிஸ்க் 3-ஐக் கணக்கிட்டால், டிஸ்க் 3-இல் யாருமே தொடாத ஒரு படம் கெட்டுப்போய் வரும். எல்லா டிஸ்கும் நன்றாக இருக்கும்போது இது பெரிய விஷயமில்லை, பாரிட்டியைத் திரும்பப் போட்டுவிடலாம். ஒன்று இல்லாத நேரத்தில் திருத்த வழி இல்லை. அதனால் ரீபில்ட் முடியும்வரை புதிதாக எதையும் அதில் ஏற்றாதீர்கள். இந்த வாரக் கல்யாணத்தை வேறு டிஸ்கில் வையுங்கள்.

முடிந்ததும் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, சிவப்பு விளக்கு எப்போதிருந்து எரிகிறது என்று தெரியவில்லை என்றீர்களே, அதைப் பெட்டியின் லாக் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அது மாதக்கணக்கு என்றால் அத்தனை நாளும் ஒரு டிஸ்க் தவறும் தூரத்தில்தான் எல்லாப் படமும் இருந்திருக்கிறது. மின்னஞ்சல் எச்சரிக்கையை உங்கள் போனுக்கு வரும்படி போட்டு, அதிலேயே இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தி நிஜமாகவே வருகிறதா என்று பாருங்கள். இரண்டு, மாதம் ஒருமுறை எல்லாத் துண்டையும் படித்துப் பாரிட்டியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மெனுவில் ஸ்க்ரப் என்று இருக்கும். லினக்ஸில் ரூட்டாக நுழைந்து இப்படிக் கொடுக்கலாம்:

```
echo check > /sys/block/md0/md/sync_action
cat /sys/block/md0/md/mismatch_cnt
```

முதல் வரி தொடங்கிவைக்கும் சோதனை முடிய ரீபில்ட் அளவு நேரம் பிடிக்கும், அதனால் ஞாயிறு ராத்திரி போட்டுவிட்டு, காலையில் வந்து இரண்டாவதைப் பாருங்கள். 0 வந்தால் மூன்று சீட்டும் மொத்தமும் எல்லா வரிசையிலும் பொருந்துகின்றன. வேறு எண் வந்தால் உடனே `repair` கொடுக்காதீர்கள். அது தரவு சரி, பாரிட்டிதான் தப்பு என்று தானாக முடிவு செய்து பாரிட்டியைத் திருத்தி எழுதிவிடும். முதலில் அந்த எண்ணையும், நாலு டிஸ்கின் ஸ்மார்ட் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள்.